இழை: 302 ஃபோன் ஒண்ணு, அண்டர்வுட் 5 ஒண்ணு. ரெண்டுக்கும் எந்த வருஷம்னு போடுறது?

பழசுப்பித்தன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா வச்சிருந்த ரெண்டு பொருள் இப்ப என் கைக்கு வந்திருக்கு, ஒண்ணு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 302 சுத்துற டயல் ஃபோன், இன்னொண்ணு அண்டர்வுட் நம்பர் 5 டைப்ரைட்டர். ஷெல்ஃப்ல வைக்கும்போது பக்கத்துல சின்னதா ஒரு அட்டையில வருஷம் எழுதி வைக்கணும்னு ஆசை, அதுல ஆரம்பிச்சது தான் தலைவலி. ஃபோனோட அடித்தட்டுல 302-ன்னு குத்தியிருக்கு, பக்கத்துல ரோமன் ரெண்டு, அப்புறம் 39. ரோமன் ரெண்டுங்கறது மாடல் மார்க் ரெண்டுன்னு எடுத்துக்கிட்டேன், 39-ன்னா 1939. டைப்ரைட்டர் பின்பக்கம் பேடண்ட் தேதி வரிசையா ஒட்டியிருக்கு, முதல் தேதி 1890-கள்ல வருது. அதனால ஃபோன் 1939, டைப்ரைட்டர் 1890-கள்னு எழுதிட்டேன். அட்டையப் பாத்த நண்பர் ஒருத்தர் சிரிச்சிட்டுப் போயிட்டாரு, ஏன் சிரிச்சாருன்னு சொல்லவே இல்ல. எங்க தப்பு பண்ணேன்?

பேக்கலைட்_பாபு
ஃபோன் 1939 கரெக்ட் தான் ப்ரோ, அடித்தட்டு தான் பாஸ்போர்ட், அதுல என்ன போட்டிருக்கோ அது தான். சூப்பர் பேக்கலைட் பீஸ், பத்திரமா வச்சுக்கோங்க. டைப்ரைட்டர் பத்தி எனக்குத் தெரியாது.

ரிப்பன்ராஜ்
தம்பி, டைப்ரைட்டர்ல இருந்து ஆரம்பிக்கறேன், உங்க நண்பர் சிரிச்சது அதுக்குத்தான் இருக்கும். பேடண்ட் தேதிங்கறது அந்த ஐடியாவுக்கு உரிமை கிடைச்ச நாள், மெஷின் பொறந்த நாள் இல்ல. நம்பர் 5 மாடலே 1900 வாக்குல தான் வந்துச்சு, 1930-கள் ஆரம்பம் வரைக்கும் விடாம ஓடுச்சு. அதுக்கு முந்தின பேடண்ட கம்பெனி பின்னாடி பெருமையா போட்டுக்கிட்டே இருந்தாங்க. பட்டியல்ல முதல் தேதியப் பாக்காதீங்க, கடைசி தேதியப் பாருங்க. அதுவும் "இதுக்கு முன்னாடி இருக்க முடியாது"ன்னு மட்டும் தான் சொல்லும், "இந்த வருஷம் தான்"னு சொல்லாது.

வருஷம் வேணும்னா சீரியல் நம்பர். பேப்பரோட நகர்ற கேரேஜ ஒரு ஓரமா முழுசா தள்ளுங்க, அதுக்குக் கீழ ஃப்ரேம்ல குத்தியிருக்கும், கடைசியில ஒரு கோடு போட்டு 5-ன்னு முடியும். ஈரத்துணியால லேசா ஒத்தி எடுங்க, கம்பி பிரஷ் போட்டுத் தேச்சிடாதீங்க. அப்புறம் அந்த நம்பர டைப்ரைட்டர் டேட்டாபேஸ்ல அண்டர்வுட் பக்கத்துல வச்சுப் பாருங்க. இன்னொண்ணு, நம்பரப் படிக்கும்போதே குத்தின பள்ளத்துக்குள்ள என்ன இருக்குன்னும் பாத்துச் சொல்லுங்க. அழுக்கா, வெறும் இரும்பா, பெயிண்டா? ஏன் கேக்குறேன்னு பதில் வந்ததும் சொல்றேன்.

குட்டிகீ
நானும் ரொம்ப நாளா இதத்தான் கேக்கணும்னு இருந்தேன், என் மெக்கானிக்கல் கீபோர்டுக்கு ரவுண்டா பழைய டைப்ரைட்டர் மாதிரி கீகேப் வாங்கலாம்னு பாக்குறேன், கண்ணாடி போட்டது ஒரிஜினல் டைப்ரைட்டர்ல இருந்து கழட்டினதா புதுசா செஞ்சதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ரிப்பன்ராஜ்
கழட்டினதா இருந்தா வாங்காதீங்கம்மா. அந்தக் கீ ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெஷின் செத்திருக்கு. மோதிரம் கம்மல்னு நகை செய்யறதுக்கு வேற வெட்டிட்டுப் போயிடறாங்க, மிச்சம் கெடக்கறது மொட்டக் கம்பி தான். சரி, அது வேற பேச்சு.

டயல்டோன்
ஃபோன் பக்கம் நான் வர்றேன். பித்தன், ரோமன் ரெண்டு மார்க் இல்ல, காலாண்டு. அந்தக் காலத்து வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பாகங்கள்ல ரோமன் எண்ணும் ரெண்டு இலக்க வருஷமும் சேர்ந்து வந்தா, வருஷத்தோட எத்தனாவது மூணு மாசம்னு அர்த்தம். உங்க அடித்தட்டு 1939 ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள. 302 வந்ததே 1937-ல, அதனால பொருந்துது. ஆனா அது அடித்தட்டோட தேதி. ஃபோனோட தேதின்னு இப்பவே சொல்ல மாட்டேன்.

பாபு, "அடித்தட்டு தான் பாஸ்போர்ட்"னு சொன்னது பாதி தான் சரி. அப்ப ஃபோன் வீட்டுக்காரங்க சொத்து இல்ல, ஃபோன் கம்பெனி வாடகைக்குக் கொடுத்தது. வீடு மாறினாலோ ரிப்பேர் ஆனாலோ திரும்பி வரும், ஒர்க் ஷாப்ல பிரிச்சுப் போடுவாங்க, நல்லா இருக்கற பாகங்கள எடுத்து மறுபடி ஒரு ஃபோனாக் கூட்டி இன்னொரு வீட்டுக்கு அனுப்புவாங்க. அங்க யாரும் இது எந்த ஃபோனோட டயல்னு பாத்து மாட்டல. அதனால ஒரே ஃபோனுக்குள்ள மூணு நாலு வருஷம் இருக்கறது சகஜம், எல்லாம் ஒண்ணா இருந்தா தான் ஆச்சரியம்.

பித்தன், ஒரே ஒரு கேள்வி. மேல் கூடு உலோகமா, பிளாஸ்டிக்கா?

பழசுப்பித்தன்
அக்கா, காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டல. அப்ப பிளாஸ்டிக் தானே? அடித்தட்டுல மட்டும் டக்குனு ஒட்டுது.

டயல்டோன்
இந்தக் காந்தத்துல நானே ஒரு தடவ ஏமாந்தவ. 302-வோட முதல் கூடு துத்தநாகக் கலவைய உருக்கி அச்சுல ஊத்தினது, அதுல காந்தம் ஒட்டாது. உலோகம்னா காந்தம் ஒட்டணும்னு நெனச்சு ஒரு நல்ல உலோகக் கூட்ட பிளாஸ்டிக்னு எழுதி வச்சிருந்தேன், ஒரு வருஷம் கழிச்சு ஒரு மூலையில பெயிண்ட் சில்லு பேந்து சாம்பல் நிறம் தெரிஞ்சப்ப தான் உறைச்சுது.

காந்தத்த விடுங்க. உள்ளங்கைய கூட்டு மேல அரை நிமிஷம் வைங்க. உலோகம் சில்லுன்னு கையில இருக்கற சூட்ட இழுக்கும், பிளாஸ்டிக் சீக்கிரமே கைச்சூட்டுக்கு வந்துடும். அப்புறம் நகத்தால ஓரத்துல தட்டுங்க, உலோகம் மணி மாதிரி லேசா ரீங்காரம் கொடுக்கும், பிளாஸ்டிக் "டப்"புன்னு நின்னுடும். கடைசியா அடி ஸ்க்ரூவ கழட்டி கூட்ட மெதுவா தூக்குங்க. சடார்னு இழுக்காதீங்க, உள்ள ஒயர் இழுபடும். உள்பக்கச் சுவரப் பாருங்க. வெளியில இருக்கற அதே கறுப்பு உள்ளயும் ஊடுருவி இருந்தா பிளாஸ்டிக். பெயிண்ட் தெளிச்ச மாதிரி வெளியில தனியா, உள்ள வேற மாதிரி இருந்தா உலோகம்.

இது ஏன் முக்கியம்னா, 1941 வாக்குல தான் கூடு துத்தநாகத்துல இருந்து பிளாஸ்டிக்குக்கு மாறுச்சு. உங்க அடித்தட்டு 1939. கூடு பிளாஸ்டிக்னா அது அந்த அடித்தட்டோட பொறந்ததா இருக்க முடியாது.

பேக்கலைட்_பாபு
அக்கா, பிளாஸ்டிக்னா பேக்கலைட் தானே? 302 எல்லாம் பேக்கலைட்னு தான் எல்லா விளம்பரத்துலயும் போடுறாங்க. நானே கட்டைவிரலால சூடு பறக்கத் தேச்சு மோந்து பாத்திருக்கேன், அந்த ஃபீனால் வாசன வந்துச்சு.

டயல்டோன்
எத தேச்சீங்க, கூட்டையா ரிசீவரையா?

பேக்கலைட்_பாபு
...ரிசீவர்.

டயல்டோன்
அதான். கையில பிடிக்கற எஃப்1 ரிசீவர் பேக்கலைட், அதுல சந்தேகமே இல்ல, அதான் அந்தக் கனம். கூடு பேக்கலைட் இல்ல, டெனைட்னு சூட்டுல இளகுற வகை பிளாஸ்டிக். பேக்கலைட் ஒரு தடவ இறுகினா இறுகினது தான், சூடு பண்ணா கருகும், வளையாது. டெனைட் வெயில்ல வச்சா வளையும். மூடி வச்ச பெட்டியத் திறந்தா புளிச்ச வெண்ணெய் மாதிரி ஒரு நாத்தம் அடிக்கும் பாருங்க, அது டெனைட்டோட கைவரிசை. "302 பேக்கலைட் ஃபோன்"னு விளம்பரம் போட்டா பாதி ஃபோன் தான் பேக்கலைட். வாசன பாக்கறேன்னு சூடான ஊசிய மட்டும் எடுத்துறாதீங்க, ஃபோன்ல குத்தினா தழும்பு தான் மிஞ்சும், டைப்ரைட்டர் கீயில செல்லுலாய்ட் இருந்தா தீயே பிடிச்சிடும்.

பேக்கலைட்_பாபு
யூசர்நேம மாத்தணும் போல 😄

பழசுப்பித்தன்
நேத்து ராத்திரி முழுக்க இதே வேல தான். கைச்சூடு டெஸ்ட்ல பிளாஸ்டிக் மாதிரி தான் இருக்கு, தட்டினா "டப்", உள்ள பாத்தா ஒரே கறுப்பு, அதோட அந்தப் புளிச்ச வாசன, வீட்டுல திட்டே வாங்கிட்டேன். கூட்டுக்குள்ள தேதி எதுவும் எனக்குப் படிக்க வரல. உள்ள இருக்கற மணியில அதே ரோமன் ரெண்டும் 39-ம். ரிசீவரோட ரெண்டு மூடியையும் திருகிக் கழட்டினேன், கைப்பிடிக்குள்ள ரோமன் நாலு, 47. டயல கழட்டிப் பின்னாடி பாத்தா மை ஸ்டாம்ப் பாதி அழிஞ்சிருக்கு, டயல் மாடல் 5எச்-னும் 46-னும் தெரியுது, மாசம் தெரியல. வாய்ப்பக்கம் இருக்கற அந்த வட்ட வில்லைய எடுத்தேன், அதுல 51-ன்னு இருக்கு. இப்ப 39, 46, 47, 51 நாலு வருஷம் ஆயிடுச்சு. அட்டையில எத எழுதறது?

பேக்கலைட்_பாபு
51 தான் ப்ரோ. எது கடைசியோ அது தான் அந்த ஃபோன் முழுசான வருஷம், லாஜிக்கா பாத்தாலே தெரியுது.

டயல்டோன்
இந்த லாஜிக் தான் பல பேர கவுத்தது. கடைசித் தேதி எந்தப் பாகத்துல இருக்குன்னு பாக்கணும். வாய்ப்பக்க வில்லைய எடுக்க பித்தன் என்ன பண்ணாரு? மூடியத் திருகினாரு, கையில விழுந்துச்சு. ஸ்க்ரூடிரைவர் கூட வேண்டாம். குரல் சரியாப் போகலன்னா லைன்மேன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே மாத்திட்டுப் போற சாமான் அது, போன மாசம் விக்கிறவன் கூட மாத்தியிருக்கலாம். அதனால 51 நமக்குச் சொல்றது இந்த வில்லை 1951-ல செஞ்சதுன்னு மட்டும் தான்.

நான் பாக்குற முறை இது தான், எந்தப் பாகத்த மாத்த எவ்வளவு பாடோ அதோட தேதிக்கு அவ்வளவு மதிப்பு கொடுப்பேன். வில்லையும் வெளி ஒயரும் கை விட்டுக் கழட்டலாம், மதிப்பு கம்மி. ரிசீவர் கைப்பிடிய மாத்தணும்னா உள்ள கனெக்‌ஷன் கழட்டணும், கொஞ்சம் வேல. டயலும் அப்படித்தான். மணியையும் அடித்தட்டையும் மாத்தணும்னா அது வேற ஃபோனாவே ஆயிடும்.

இப்ப உங்க ஃபோன அப்படியே வாசிங்க. அடித்தட்டும் மணியும் ஒரே காலாண்டு, 1939 ஏப்ரல் ஜூன். இது ரெண்டும் சேர்ந்தே பொறந்ததுன்னு நம்பலாம், அப்ப அதுக்கு மேல துத்தநாகக் கூடு தான் இருந்திருக்கும். அந்தக் கூடு இப்ப இல்ல. பிளாஸ்டிக் கூடு 1941-க்கு முன்னாடி வந்திருக்காது. டயல் 46, கைப்பிடி 1947 அக்டோபர் டிசம்பர். டயல், கைப்பிடி, கூடு மூணும் ஒரே தடவையில உள்ள வந்திருந்தா, 1947 கடைசிக்கு அப்புறம் ஒரு நாள் ஒர்க் ஷாப்ல இந்த ஃபோனப் பிரிச்சு மறுபடி கூட்டியிருக்காங்க. அது 48-ஆ 49-ஆன்னு இந்தப் பாகங்கள் சொல்லாது.

ஷெல்ஃப்வாசி
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், "மூணும் ஒரே தடவையில"ன்னு எப்படிச் சொல்றீங்க? டயல் ஒரு தடவ, கைப்பிடி இன்னொரு தடவன்னு ரெண்டு ரிப்பேரா இருக்கலாமே. அடியில பழைய ஸ்டாம்ப அடிச்சிட்டு புது தேதி குத்தின தடம் எதுவும் இல்லையா?

பழசுப்பித்தன்
அடியில 39-க்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மை கறை இருக்குங்க, எழுத்தா கறையான்னே தெரியல. டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சா ஒரு கோடு வளைஞ்சு தெரியுது, 8 மாதிரியும் இருக்கு 3 மாதிரியும் இருக்கு.

டயல்டோன்
ஷெல்ஃப்வாசி சொல்றது நியாயம். நான் "இருந்தா"ன்னு தான் போட்டேன், ஆனா மனசுக்குள்ள அத உண்மைன்னே எடுத்துக்கிட்டேன். பித்தன், அந்தக் கறைய ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிடாதீங்க, மை அதோட போயிடும். இருட்டு ரூம்ல டார்ச்ச தட்டுக்குப் படுக்க வச்ச மாதிரி பிடிச்சு நாலு பக்கத்துல இருந்தும் ஃபோட்டோ எடுத்துப் போடுங்க.

மணியோசை
என்கிட்ட இதோட உல்டா ஒண்ணு இருக்கு. பாத்தா 302-க்கு அப்புறம் வந்த 500 மாடல் மாதிரி, 1950-கள் ஸ்டைல், டயல சுத்தி வெளியில எண்ணும் எழுத்தும். அடியில பாத்தா 30-கள் தேதி! 500-ஏ 1949, 50 வாக்குல தான் வந்துச்சு, அப்புறம் இது எப்படின்னு ஒரு வாரம் தூக்கமில்ல, போலின்னு முடிவே கட்டிட்டேன்.

டயல்டோன்
5302-ன்னு எங்கயாவது குத்தியிருக்கா பாருங்க. 1950-கள் நடுவுல பழைய 302 உடம்புகளத் தூக்கிப் போடாம 500 மாதிரி புதுக் கூடு மாட்டி அனுப்பினாங்க, அதுக்குத் தான் அந்த நம்பர். போலி இல்ல, கம்பெனியே செஞ்ச ஒட்டுப்போட்ட சட்ட.

மணியோசை
இருக்கு!! 5302 இருக்கு. 53-ன்னா வருஷம்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்.

பழசுப்பித்தன்
ராஜ் சார், டைப்ரைட்டர் பக்கமும் பாத்துட்டேன். சீரியல் கிடைச்சுது, கோடு போட்டு 5-ல முடியுது. டேட்டாபேஸ்ல வச்சுப் பாத்தா 1915 பக்கம் விழுது. நீங்க கேட்ட மாதிரி பள்ளத்துக்குள்ள பாத்தேன், கறுப்பு பெயிண்ட் எண்ணுக்குள்ளயும் எறங்கி ஓரமெல்லாம் மழுங்கி இருக்கு, ஒரு 8 கிட்டத்தட்ட 0 மாதிரியே ஆயிடுச்சு, அதப் படிக்கவே பேப்பர் வச்சு பென்சில் தேய்க்க வேண்டியதாப் போச்சு. பேப்பர் வைக்கிற பலகையில தங்க எழுத்துல அண்டர்வுட் எலியட் ஃபிஷர்னு இருக்கு, பளபளன்னு.

ரிப்பன்ராஜ்
நெனச்சேன். தம்பி, அண்டர்வுட்டும் எலியட் ஃபிஷரும் சேர்ந்ததே 1927-ல. 1915-ல செஞ்ச மெஷின் மேல 1927-ல பொறந்த பேரு எப்படி வந்துச்சு? மெஷின ரீபில்ட் பண்ணியிருக்காங்க. ஆபீஸ்ல ஓஞ்ச மெஷின்கள மொத்தமா வாங்கி, பிரிச்சு, கழுவி, நிக்கல் போட்டு, பெயிண்ட் அடிச்சு, புதுசா பேரு டெகால் ஒட்டி விக்கிறது அப்ப பெரிய தொழிலு, அதுல அண்டர்வுட் 5 தான் அதிகம் மாட்டினது, ஏன்னா அதுதான் எல்லா ஆபீஸ்லயும் இருந்துச்சு.

பள்ளத்துக்குள்ள பெயிண்ட் இருக்கான்னு கேட்டது இதுக்குத்தான். நம்பர் கூர்மையா, அடியில வெறும் உலோகம் தெரிஞ்சா குத்தினதுக்கப்புறம் யாரும் அது மேல பெயிண்ட் அடிக்கலன்னு அர்த்தம். பெயிண்ட் எறங்கி ஓரம் மழுங்கியிருந்தா மறுபடி பெயிண்ட் ஏறியிருக்குன்னு கிட்டத்தட்ட நிச்சயம். அந்த 8-0 கதையும் இதனால தான் வருது, ஒரு இலக்கத்த தப்பாப் படிச்சா டேபிள்ல வேற வருஷத்துல போய் உக்காருவீங்க. பென்சில் தேச்சது நல்ல வேல, ரெண்டு மூணு தடவ தேச்சு ஒப்பிடுங்க.

இப்ப கீயப் பாருங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு வெள்ளத் தாள் எல்லாம் ஒரே மாதிரி மஞ்சளா இருக்கா பாருங்க. ஒரிஜினல் செட்டுன்னா எல்லாம் சேர்ந்தே வயசாகியிருக்கும், அடிக்கடி அடிக்கிற கீயில விளிம்பு வழியா ஈரமும் அழுக்கும் எறங்கி கொஞ்சம் அதிகமா கறுத்திருக்கும். நடுவுல ரெண்டு மூணு மட்டும் பளிச்சுன்னு இருந்தா அது பின்னாடி வந்தது. அப்புறம் தல கீழா பாருங்க, கண்ணாடிய பிடிச்சிருக்கற மோதிரத்துக்கு அடியில சின்னச் சின்ன காது இருக்கும், அத மடக்கித் தான் இறுக்கியிருப்பாங்க. ஒரு தடவ மடக்கின காது வழவழன்னு ஒரே வளைவு. கழட்டி மறுபடி மடக்கினது ரெண்டு மடிப்பு விழுந்து, இடுக்கி கடிச்ச தடம் இருக்கும், சில காது ஒடிஞ்சே போயிருக்கும்.

ஷெல்ஃப்வாசி
கண்ணாடிக் கீன்னாலே 1920-க்கு முன்னாடின்னு ஒருத்தர் என்கிட்ட அடிச்சுச் சொன்னாரு, உண்மையா சார்?

ரிப்பன்ராஜ்
இல்லவே இல்ல. உலோக வளையம் போட்ட கண்ணாடிக் கீ 1940-கள் வரைக்கும் தாராளமா வந்துச்சு, போருக்கு அப்புறம் தான் அச்சுல வார்த்த பிளாஸ்டிக் கீ பரவலாச்சு. கண்ணாடிக் கீய வச்சு "ரொம்பப் பழசு"ன்னு சொல்ல முடியாது, பிளாஸ்டிக் கீய வச்சு வேணா "ரொம்பப் பழசு இருக்காது"ன்னு யோசிக்கலாம், அதுவும் மாத்தினதா இல்லையான்னு பாத்துட்டு. அந்தப் போர்க்காலத்துல அமெரிக்காவுல பொதுமக்களுக்கு டைப்ரைட்டர் செய்யறதே 1942-ல இருந்து கட்டுப்பாடு. அண்டர்வுட்காரங்க கார்பைன் துப்பாக்கி செஞ்சாங்க, ஸ்மித் கொரோனா ரைஃபிள், ரெமிங்டன் ராண்ட் பிஸ்டல். 1943-ன்னு யாராவது சாதாரண போர்ட்டபிள் ஒண்ணக் காட்டினா ஒரு தடவைக்கு ரெண்டு தடவ நம்பரப் பாருங்க.

பேரு மாறினது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச தடயம், ஏன்னா அதுக்கு டேபிள் வேண்டாம். ரெமிங்டன் ராண்ட்னு இருந்தா 1927-க்கு முன்னாடி இல்ல. எல்.சி. ஸ்மித்தும் கொரோனாவும் சேர்ந்த பேரு இருந்தா 1926-க்கு முன்னாடி இல்ல. ஆனா உங்க மெஷின் மாதிரி பேரும் நம்பரும் சண்ட போட்டா, நம்பர் ஃப்ரேமோட வருஷம், பேரு மேக்கப்போட வருஷம்.

மணியோசை
சீரியல் நம்பர்னு பேசும்போது அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரியா இருந்த ஆல்ஜர் ஹிஸ் கேஸ் ஞாபகம் வருது. 1950-ல தண்டனை ஆச்சு, அதுல உட்ஸ்டாக் டைப்ரைட்டர் ஒண்ணு பெரிய சாட்சி, நம்பர் 230099. அப்புறம் 1952-ல மறு விசாரணை கேட்டப்ப டிஃபென்ஸ் வக்கீல்கள் என்ன சொன்னாங்கன்னா, இந்த நம்பர் மெஷின் செஞ்ச வருஷமும் ஹிஸ் மனைவியோட குடும்பம் பழைய மெஷின வாங்கின காலமும் ஒத்து வரல, இது வேற மெஷின்னு. கோர்ட் ஒத்துக்கல, மறு விசாரணை கிடைக்கல. ஒரு சீரியல் நம்பருக்கு வருஷம் போடுறதுல எத்தன பேரு மண்டைய உடைச்சிருக்காங்க பாருங்க.

ரிப்பன்ராஜ்
அங்க இன்னொரு பாடமும் இருக்கு. நாம பாக்கற டேபிள் எல்லாம் "இந்த வருஷம் இந்த நம்பர்ல ஆரம்பிச்சுது"ன்னு சொல்றது. நடுவுல இருக்கற மெஷின் எந்த மாசம்னு கணக்குப் போட்டு தான் சொல்லணும், கணக்கு கணக்கு தான். டிசம்பர்ல குத்தின நம்பர் அடுத்த வருஷம் வெளிய வந்திருக்கலாம், கடையில ரெண்டு வருஷம் கெடந்து வித்திருக்கலாம்.

பழசுப்பித்தன்
கீ பாத்தேன் சார். எழுத்துக் கீ எல்லாம் ஒரே டீக்கறை கலர். மேல் வரிசையில மூணு எண்ணு மட்டும் பளிச்சுனு வெள்ள, காதுல நீங்க சொன்ன மாதிரி ரெண்டு மடிப்பு. ஒரு காது இல்லவே இல்ல. அப்புறம் நம்பர் 1 கீயே இல்ல, அத யாராவது புடுங்கிட்டாங்களா?

ரிப்பன்ராஜ்
ஹா ஹா, யாரும் புடுங்கல. அந்தக் கால மெஷின்ல ஆங்கில சின்ன எல் எழுத்தத் தான் ஒண்ணுக்கு அடிப்பாங்க. எத்தன கீக்கம்பி இருக்குன்னு எண்ணிப் பாருங்க, மொட்டையா எதுவும் நிக்கலன்னா எதுவும் போகல.

அந்த மூணு கீ ரீபில்ட் பண்ணப்ப வந்ததா அதுக்கும் பின்னாடி வந்ததான்னு தெரியல. ரீபில்ட்காரன் மாத்தியிருந்தா பொதுவா எல்லாத்தையும் மாத்தியிருப்பான், மூணு மட்டும் மாத்தறது தெருக்கோடி மெக்கானிக் வேல மாதிரி தெரியுது. நானும் அப்படி மாத்தினவன் தான், பாவம் செஞ்சிருக்கேன்.

பேக்கலைட்_பாபு
ப்ரோ, ஒரு ஐடியா. ஃபோனுக்கு 1939 எஃப்1 கைப்பிடியும் துத்தநாகக் கூடும் 39 டயலும் தேடி மாட்டிடுங்க, எல்லாம் ஒரே தேதி ஆயிடும், அட்டையில 1939-ன்னு தைரியமா எழுதலாம்.

ஷெல்ஃப்வாசி
பல பேரு அதத் தான் பண்றாங்க, ஒரே தேதியில கூட்டின ஃபோனுக்கு மவுசு ஜாஸ்தி. அதுல தப்பில்லன்னு தான் நான் நெனைக்கிறேன், கம்பெனியே கலந்து தானே மாட்டினான், நாமளும் மாட்டுவோம்.

டயல்டோன்
எனக்கு ஒத்துக்க முடியல. கம்பெனி கலந்து மாட்டினது இந்த ஃபோனுக்கு நடந்தது. நீங்க இப்ப மாட்டப் போறது நடக்காதது. மாட்டுறதுன்னா மாட்டுங்க, ஆனா கழட்டின 46 டயலையும் 47 கைப்பிடியையும் ஒரு டப்பாவுல போட்டு, எதுல இருந்து எடுத்தது, எப்ப மாத்தினதுன்னு சீட்டு எழுதி கூடவே வைங்க. அந்தச் சீட்டு இல்லாம கை மாறினா அடுத்தவன் அத ஃபேக்டரியில இருந்து வந்த 1939 செட்டுன்னு நம்புவான்.

ஷெல்ஃப்வாசி
சீட்டு சரி. ஆனா மாட்டவே கூடாதுன்னு சொல்றத நான் ஏத்துக்கல.

பழசுப்பித்தன்
மாத்தல, அப்படியே விட்டுட்டேன். அட்டைய ரெண்டு வரியாக்கிட்டேன், "அடித்தட்டும் மணியும் 1939, ஏப்ரல்–ஜூன். கைப்பிடி 1947 கடைசி, மறுபடி கூட்டினது அதுக்கப்புறம்." டைப்ரைட்டருக்கு "ஃப்ரேம் சுமார் 1915. ரீபில்ட் 1927-க்கு அப்புறம்." நண்பர் திரும்ப வந்தாரு, அட்டையப் படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம ஃபோனத் தூக்கி அடியப் பாத்தாரு, அந்த மை கறைய காட்டினேன். அவரு அது 8-ங்கறாரு, எனக்கு இன்னும் 3 மாதிரி தான் இருக்கு. நாலு பக்கமும் எடுத்த ஃபோட்டோ இன்னைக்கு ராத்திரி போடுறேன், பாத்துச் சொல்லுங்க.

டயல்டோன்
போடுங்க. போடும்போது டயலுக்குப் பின்னாடி அழிஞ்ச ஸ்டாம்பையும் ஒண்ணு எடுத்துப் போடுங்க, 46-ன்னு நீங்க படிச்சது 48-ஆ இருந்தா நான் மேல சொன்னதுல பாதி மாறிடும்.